நான்கு டிக் குறிகளும் ஒரு சாய்ந்த தராசும்: உணவு ஆய்வகச் செய்முறைத் தேர்வில் ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

உணவு ஆய்வகப் பயிற்சியின் முடிவில் நடந்த ஒரு செய்முறைத் தேர்வைப் பற்றியது இந்தக் குறிப்பு. தேர்வாளர் குழுவில் நானும் இருந்தேன். ஓர் அணியில் நான்கு தேர்வர்கள். பெயர் வேண்டாம் என்பதால் அவர்களை அ, ஆ, இ, ஈ என்றே குறிப்பிடுகிறேன்.

தேர்வில் இரண்டு மேசைகள். முதல் மேசையில் ஒரு பிஎச் மீட்டர். தேர்வர் அதை, பிஎச் அளவு முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களால் அளவுத்திருத்தம் செய்து, சரிபார்த்து, பிறகு கொடுக்கப்பட்ட தக்காளி சாஸ் மாதிரியின் பிஎச் அளவைச் சொல்ல வேண்டும். இரண்டாவது மேசையில் 220 கிராம் வரை எடைபோடும், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் பகுப்பாய்வுத் தராசு. அதை 100 கிராம் எடைக்கல்லால் சரிபார்த்துவிட்டு, ஈரப்பதச் சோதனைக்காக வெறும் கிண்ணத்தையும் மாதிரி போட்ட கிண்ணத்தையும் எடைபோட வேண்டும். கிண்ணம் அடுப்பில் காய்ந்த பிறகு பிற்பகலில் மறுபடியும் எடை.

மேசைக்கு ஒருவராக நாற்பது நாற்பது நிமிடம். பிஎச் மேசையில் அ, ஆ, இ, ஈ என்ற வரிசை. தராசில் இ, ஈ, அ, ஆ என்ற வரிசை. இந்த வரிசை முக்கியம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதுதான் கைகொடுத்தது.

தேர்வுக்குத் தரப்பட்ட பதிவுத்தாள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அதில் “பிஎச் மீட்டர் அளவுத்திருத்தம் செய்யப்பட்டது”, “பஃபரால் சரிபார்க்கப்பட்டது”, “தராசு சரிபார்க்கப்பட்டது” என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம். எண் எழுத இடமிருந்தவை வெப்பநிலை, எடைக்கல் காட்டிய அளவு, மாதிரியின் அளவீடுகள், இவ்வளவுதான்.

## ஏற்பாடு எப்படி இருந்தது

பிஎச் மேசையில் 7.00, 4.01 ஆகிய இரண்டு பஃபர்களும் சிறிய பிளாஸ்டிக் கோப்பைகளில் ஊற்றி வைக்கப்பட்டிருந்தன. கோப்பைக்குச் சுமார் 10 மில்லி. கரைசலை மிச்சப்படுத்த, அணி முழுவதற்கும் ஒரே கோப்பைகள். பக்கத்தில் கழுவும் குப்பியில் காய்ச்சி வடித்த நீர், ஒற்றியெடுக்க மெல்லிய காகிதம், மீட்டரின் உணர்முனையான எலக்ட்ரோடை ஊறவைக்க 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு.

சாஸ் மாதிரியை முந்தைய நாளே புதிய பஃபர்களால் அளவுத்திருத்தம் செய்த வேறொரு மீட்டரில் அளந்து வைத்திருந்தோம். அளவு 4.52. தேர்வர் சொல்லும் அளவு இதிலிருந்து 0.10க்கு மேல் விலகக் கூடாது என்பது மதிப்பெண் விதி.

தராசு முந்தைய நாள் மாலை சரிபார்க்கப்பட்டிருந்தது. சான்றிதழில் 100.0002 கிராம் என்று உள்ள எஃப்1 வகுப்பு எடைக்கல்லுக்கு 100.0001 காட்டியதாகப் பதிவு இருக்கிறது. ஆய்வகத்தின் ஏற்பு வரம்பு இரு பக்கமும் 1 மில்லிகிராம். தேர்வு நாள் காலையில் மேசையைத் துடைப்பதற்காகத் தராசைத் தூக்கி, துடைத்த பிறகு பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். அப்புறம் யாரும் நீர்மட்டக் குமிழியைப் பார்க்கவில்லை.

## பிஎச் மேசையில் கண்டது

நால்வரின் பதிவுத்தாள்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. பிஎச் வரிகள் இரண்டிலும் டிக். வெப்பநிலை 25. மாதிரி அளவு மட்டும் வேறு வேறு: அ 4.51, ஆ 4.48, இ 4.44, ஈ 4.40.

ஈ மட்டும்தான் வரம்பைத் தாண்டியவர். மதிப்பெண் விதிப்படி அவருக்கு அந்தப் பகுதியில் பூஜ்யம், மற்ற மூவருக்கும் முழு மதிப்பெண். வழக்கமாக அப்படியே போட்டுவிட்டு அடுத்த அணியை அழைத்திருப்போம். ஆனால் தாள்களை உட்கார்ந்த வரிசையில் அடுக்கிப் பார்த்த சக தேர்வாளர் ஒருவர், “இது ஒருத்தரோட தப்பு மாதிரித் தெரியலையே, படிப்படியா இறங்குது பாருங்க” என்றார். தவறான கைப்பழக்கத்தால் வரும் பிழை மேலும் கீழும் சிதறும். ஒரே பக்கமாக, வரிசை மாறாமல் இறங்கினால் ஏதோ ஒரு பொருள் மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

மீட்டரின் நினைவகத்தில் ஒவ்வொரு அளவுத்திருத்தமும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. அதிலிருந்து எடுத்த ஸ்லோப் மதிப்புகளைத் தாளில் இருந்த அளவுகளோடு சேர்த்து வைத்தோம்.

| தேர்வர் | ஸ்லோப் (சதவீதம்) | மாதிரியின் பிஎச் |
|---|---|---|
| அ | 98.2 | 4.51 |
| ஆ | 96.9 | 4.48 |
| இ | 95.5 | 4.44 |
| ஈ | 93.9 | 4.40 |

ஸ்லோப் என்ன சொல்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோடு தருவது மில்லிவோல்ட். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் வித்தியாசத்துக்குக் கோட்பாட்டின்படி 59.16 மில்லிவோல்ட் வர வேண்டும். இரண்டு பஃபர்களுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு வந்தது என்பதை இதோடு ஒப்பிட்டு மீட்டர் சதவீதமாகக் காட்டுகிறது. எங்கள் செய்முறைக் குறிப்பு 95 முதல் 105 வரை ஏற்கிறது. மீட்டரின் உள்வரம்பு அதைவிடத் தாராளமானது. அதனால் 93.9 வந்தபோதும் திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அளவுத்திருத்தம் முடிந்தது என்று காட்டிவிட்டு, சாதாரணமாக அளக்கும் நிலைக்குப் போய்விட்டது.

ஸ்லோப் குறைந்தால் எலக்ட்ரோடு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது பரவலான பழக்கம். உணவு ஆய்வகத்தில் அது நடப்பதும் உண்டு. புரதமும் கொழுப்பும் கண்ணாடிக் குமிழில் படிந்து ஸ்லோப்பை இறக்கும். ஆனால் அந்த இறக்கம் பல நாள், பல வாரம் எடுத்துத்தான் தெரியும், கூடவே அளவீடு நிலைக்கவும் நேரமாகும். இரண்டரை மணி நேரத்துக்குள் நான்கு சதவீதத்துக்கு மேல் இறங்கியதும், அளவு உடனுக்குடன் நிலைத்ததாகத் தேர்வர்கள் சொன்னதும் எலக்ட்ரோடின் மீதான சந்தேகத்தைக் குறைத்தன. மிச்சம் பஃபர்தான்.

சரி, பஃபரையே அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அதே மீட்டரையும் எலக்ட்ரோடையும் எடுத்து, திறக்காத பாக்கெட்டிலிருந்து ஊற்றிய புதிய பஃபர்களால் அளவுத்திருத்தம் செய்தோம். ஸ்லோப் 98.5. எலக்ட்ரோடில் குறையில்லை. பிறகு மேசையில் இருந்த கோப்பையின் ‘4.01’ பஃபரை அளந்தோம். 4.15 காட்டியது.

## கோப்பை எப்படிக் கெட்டது

இந்த எலக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் காப்பு இருக்கிறது. அதன் உள்பக்கத்தில் சில துளிகள் தங்கும். வெளியே மட்டும் நீரைப் பாய்ச்சினால் அந்தத் துளிகள் போகாது. எலக்ட்ரோடைச் சாய்த்து, காப்பின் வெட்டு வழியாக உள்ளே நீரை விட்டுக் கழுவி, காகிதத்தை அந்த வெட்டில் தொட்டு உறிஞ்ச விட வேண்டும். பக்கத்தில் தொங்கும் வெப்பநிலைக் கம்பியும் அதன் பங்குக்குச் சில துளிகளைக் கொண்டுவரும். நால்வரும் முதலில் 7.00, அடுத்து 4.01 என்று சரியான வரிசையில்தான் போனார்கள். ஒவ்வொருவரும் அளவுத்திருத்தத்துக்கு ஒரு தடவை, சரிபார்க்க ஒரு தடவையாவது 4.01 கோப்பையில் நனைத்திருக்கிறார்கள். 7.00 கோப்பையிலிருந்து வந்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பஃபர் கொஞ்சம் 4.01 கோப்பைக்குப் போயிற்று.

4.01 பஃபர் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கரைசல். அதற்குத் தாங்கும் திறன் பெரிதாகக் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 மில்லி கோப்பையில் கால் மில்லி அளவு 7.00 பாஸ்பேட் பஃபர் சேர்ந்தாலே பிஎச் சுமார் 0.04 ஏறும். அதாவது ஐந்தாறு துளி. அதே துளிகள் 100 மில்லி பீக்கரில் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மீட்டருக்குக் கோப்பையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 4.15 கரைசலை வைத்து அதற்கு 4.01 என்று பெயர் சொன்னால், மில்லிவோல்ட் குறைவாக வந்ததற்கு எலக்ட்ரோடுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டு ஸ்லோப்பைக் குறைத்துக்கொள்ளும். அதன் பிறகு அளக்கும் எல்லா அமில மாதிரிகளும் உள்ளதைவிடக் கூடுதல் அமிலமாகத் தெரியும்.

உணவுத் துறையில் இது ஆபத்தான பக்கம் சாயும் பிழை. அமிலத்தால் பாதுகாக்கப்படும் உணவுகளுக்கு 4.6 என்ற எல்லை வைத்திருப்பது நச்சு உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் பாக்டீரியா அதற்குக் கீழே வளராது என்பதால்தான். ஈ பயன்படுத்திய அளவுத்திருத்தத்தோடு, உண்மையில் 4.70 உள்ள ஒரு பொருளை அளந்தால் மீட்டர் 4.59 காட்டும். எல்லையைத் தாண்டிய பொருள் பாதுகாப்பானது என்று ஆய்வறிக்கையில் ஏறிவிடும்.

## சரிபார்ப்பு ஏன் பிடிக்கவில்லை

“பஃபரால் சரிபார்க்கப்பட்டது” என்ற கட்டத்தில் நால்வரும் டிக் போட்டிருந்தார்கள். பொய்யில்லை, நால்வரும் செய்தார்கள். அளவுத்திருத்தம் முடிந்ததும் எலக்ட்ரோடை மறுபடி அதே 4.01 கோப்பையில் வைத்தார்கள். மீட்டர் 4.01 என்றது. சொல்லாமல் என்ன செய்யும், அந்தக் கோப்பைக்கு 4.01 என்று இப்போதுதானே அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே அந்தக் கடிகாரத்தைச் சரிபார்ப்பது மாதிரிதான் இது.

வேறு பாக்கெட்டிலிருந்து, முடிந்தால் வேறு தயாரிப்புத் தொகுதியிலிருந்து ஊற்றிய 4.01 பஃபரை வைத்துச் சரிபார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று நால்வருக்கும் கணக்கிட்டோம். அவுக்கு 4.00, ஆவுக்கு 3.96, இக்கு 3.92, ஈக்கு 3.86 வந்திருக்கும். ஏற்பு வரம்பு 0.05 என்று வைத்தால் ஆ விளிம்பில் நின்றிருப்பார், இயும் ஈயும் நிறுத்தப்பட்டிருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியவர் இ. அவருடைய ஸ்லோப் 95.5. ஸ்லோப்பை மட்டும் பார்த்தால் அவர் தேறியவர். மாதிரி அளவிலும் 0.08 விலகலோடு தேறியவர். தனிப் பஃபர் ஒன்றுதான் அவரை நிறுத்தியிருக்கும்.

வெப்பநிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நால்வரும் 25 என்றே எழுதியிருந்தார்கள். மீட்டரின் நினைவகத்தில் அன்று காலை முழுவதும் 27க்கும் 28க்கும் இடையில்தான் இருந்தது. வெப்பநிலையைக் கம்பி தானாகவே உணர்ந்து ஈடுசெய்ததால் அளவில் பாதிப்பில்லை. ஆனால் அந்த 25 திரையைப் பார்த்து எழுதிய எண் இல்லை, பஃபர் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த எண். பிஎச் பக்கத்தில் எண் எழுத இடம் கொடுத்த ஒரே கருவிக் கட்டத்திலும் கருவி காட்டியது எழுதப்படவில்லை என்பது என்னை உறுத்தியது.

## தராசு மேசையில் கண்டது

தராசில் முதலில் உட்கார்ந்தவர் இ. கதவுகளைச் சாத்தி, சுழியாக்கி, CAL பொத்தானை அழுத்தினார். இந்த வகைத் தராசில் உள்ளேயே ஒரு எடைக்கல் உண்டு. மோட்டார் அதை ஏற்றி இறக்கி, தராசு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். பிறகு இடுக்கியால் 100 கிராம் எடைக்கல்லை வைத்தார். 100.0002. எழுதினார், டிக் போட்டார். அடுத்து வந்த ஈயும் அயும் CAL அழுத்தவில்லை, எடைக்கல்லை மட்டும் வைத்தார்கள். 100.0001, 100.0003. எல்லாம் அழகாக வரம்புக்குள்.

கடைசியாக வந்தவர் ஆ. அவர் உட்கார்ந்ததும் எடைக்கல் பெட்டியைத் தொடாமல் தராசின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் இல்லை, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. பின் இடதுகாலை ஒன்றரைச் சுற்று திருகி குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். கொஞ்சம் காத்திருந்து, சுழியாக்கி, எடைக்கல்லை வைத்தார். 100.0036. எடுத்துவிட்டு மறுபடி சுழி, மறுபடி கல். 100.0035. மூன்றாவது தடவை 100.0036. சான்றிதழ் அளவைவிட 3.4 மில்லிகிராம் அதிகம், வரம்பு 1 மில்லிகிராம்.

ஒழுங்காகத் தராசை மட்டப்படுத்தியவருக்குத்தான் தவறான அளவு வந்தது. மட்டத்தைப் பார்க்காத மூவருக்கும் சரியான அளவு.

ஆ மூன்று அளவுகளையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஓரத்தில் “குமிழி வெளியே இருந்தது, மட்டப்படுத்திய பின்” என்று குறித்துவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தார்.

“மேடம், லெவல் சரி பண்ணினதுக்கு அப்புறம் மூணரை மில்லிகிராம் கூடக் காட்டுது. CAL போட்டா சரியாயிடும். போடலாமா?”

“நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. செய்முறைத் தாள்ல என்ன இருக்கோ அதைப் பார்த்துச் செய்யுங்க.”

செய்முறைத் தாளில் இருந்தது இது: வரம்புக்கு வெளியே இருந்தால் தராசைத் திருத்தாமல், ‘பயன்படுத்த வேண்டாம்’ அட்டையை மாட்டி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆ அட்டையை மாட்டினார். மிச்சமிருந்த நேரம் அவருக்குக் கிட்டத்தட்டப் பதினைந்து நிமிடம்தான்.

## தராசில் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு ஆவின் நேரம் பற்றியது. அவரை உடனே பக்கத்து அறையிலிருந்த தராசுக்கு அனுப்பி, இழந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். விதியைப் பின்பற்றியதால் ஒருவர் நேரமின்றித் தோற்றால், அடுத்த தடவை யாரும் அட்டை மாட்ட மாட்டார்கள்.

அடுத்தது, காரணத்தைத் தேடும் வரை CAL பொத்தானை யாரும் அழுத்தக் கூடாது என்பது. அழுத்தினால் 3.4 மில்லிகிராம் விலகல் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும், அதோடு அதன் காரணமும் மறைந்துவிடும்.

தராசின் நினைவகத்தைப் பார்த்தோம். முதல் அமர்வின் தொடக்கத்தில் ஒரு திருத்தம் பதிவாகியிருந்தது. அந்தத் திருத்தம் 100 கிராமுக்கு 3.4 மில்லிகிராம் கூட்டியிருந்தது. இப்போது கதை விளங்கியது. துடைத்து வைத்தபோது தராசு சாய்ந்துவிட்டது. சாய்ந்த தராசு எடையைக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் எடையின் இழுப்பில் தராசின் அச்சுக்கு நேராக விழும் பகுதியை மட்டுமே அது உணர்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தால் 100 கிராமில் சுமார் 15 மில்லிகிராம் குறையும். சாய்வு பாதியானால் குறைவு கால்வாசியாகும். இங்கே 3.4 மில்லிகிராம் என்பது அரை டிகிரிக்கும் சற்றுக் குறைவான சாய்வு. கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கால் ஒன்றரை மில்லிமீட்டர் போல இறங்கியிருக்க வேண்டும். ஆ திருகிய ஒன்றரைச் சுற்றோடு இது பொருந்தியது.

உறுதிப்படுத்த, அதே காலை ஒன்றரைச் சுற்று பின்னோக்கித் திருகி எடைக்கல்லை வைத்தோம். 100.0002. மறுபடி மட்டப்படுத்தினோம். 100.0036. சந்தேகம் தீர்ந்தது. இ அழுத்திய CAL சாய்ந்த தராசைச் சாய்ந்த நிலைக்கே பொருத்திவிட்டது.

இதற்குப் பிறகுதான் மட்டமான நிலையில் திருத்தம் செய்தோம். திருத்துவதற்கு முன் 100.0036, பின் 100.0003, இரண்டையும் பதிவேட்டில் எழுதினோம்.

## யாருடைய அளவுகள் பாதிக்கப்பட்டன

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தராசைத் திருப்பிக் கொடுக்க முடியாது. முந்தைய நாள் மாலை தராசு சரியாக இருந்ததற்குப் பதிவு இருக்கிறது. காலையில் துடைத்ததற்கும் இயின் CAL அழுத்தலுக்கும் இடையே யாரும் எடைபோடவில்லை. அதனால் குறைத்துக் காட்டிய காலத்தில் எந்த மாதிரியும் சிக்கவில்லை.

இ, ஈ, அ மூவரும் எடைபோட்டபோது தராசு சாய்ந்திருந்தது, ஆனால் அந்தச் சாய்வுக்கு ஈடு செய்யப்பட்டிருந்தது. ஆகவே அவர்களுடைய எடைகள் சரியானவையே. பிற்பகலில் கிண்ணங்களைத் திருத்திய தராசில் மறுபடி எடைபோட்டாலும் முரண்பாடு வராது.

எங்கே வந்திருக்கும்? ஆ மட்டப்படுத்திவிட்டு எடைக்கல்லை வைக்காமல் விட்டிருந்தால் வந்திருக்கும். காலையில் சரியான எடையில் பதிவான 40 கிராம் கிண்ணம், பிற்பகலில் மாதிரியோடு சேர்த்து சுமார் 1.4 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டும். 5 கிராம் மாதிரியின் ஈரப்பதத்தில் அது 0.03 சதவீதப் புள்ளிதான். ஆனால் இரண்டு எடைகளுக்கு இடையே ஓரிரு மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாத வரை காய்ச்ச வேண்டும் என்று சொல்லும் முறையில், அந்த 1.4 ஒன்றே முடிவைக் குழப்பப் போதும்.

ஆக, மூவரின் எடைகள் தப்பின. ஆனால் அவர்களுடைய பதிவுத்தாள்களை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது. தராசின் நினைவகமும் ஆ எழுதிய எண்களும் இல்லாவிட்டால் அன்று காலை போட்ட எல்லா எடைகளையும் சந்தேகத்தில் தள்ளியிருக்க வேண்டும். இ CAL அழுத்துவதற்கு முன் ஒரே ஒரு தடவை எடைக்கல்லை வைத்திருந்தால் 99.9968 என்று வந்திருக்கும். நேற்று 100.0001 காட்டிய தராசு இன்று 3 மில்லிகிராமுக்கு மேல் குறைவது ஏன் என்று அவரே யோசித்திருப்பார், அடுத்த பார்வை குமிழியின் மேல்தான் போயிருக்கும்.

## மதிப்பெண் பற்றிய முடிவு

குழுவில் கொஞ்சம் வாதம் நடந்தது. ஈக்கு விதிப்படி பூஜ்யம் போட வேண்டும் என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்ட கோப்பையை மேசையில் வைத்தது தேர்வு நடத்திய தரப்பு. கடைசியில் உட்கார்ந்தது மட்டும்தான் ஈ செய்த காரியம். அதோடு, அரைகுறைக் கழுவலில் நால்வருக்கும் பங்கு உண்டு. அதே நேரத்தில், அளவுத்திருத்தம் செய்த கோப்பையிலேயே சரிபார்த்தது நால்வரின் பொதுப் பிழை, அதை விட்டுவிடவும் கூடாது.

கடைசியில் பிஎச் அளவு எடுக்கும் பகுதியை நால்வருக்கும் மறுபடி நடத்தினோம், ஒவ்வொருவருக்கும் புதிதாக ஊற்றிய பஃபர்களோடு. 4.51க்கும் 4.53க்கும் இடையில் எல்லோரும் வந்தார்கள். அதற்கு முழு மதிப்பெண். சரிபார்ப்புக்குரிய மதிப்பெண்ணை நால்வருக்கும் ஒரே அளவில் குறைத்தோம்.

தராசில் இ, ஈ, அ மூவருக்கும் குமிழியைப் பார்க்காததற்கு மதிப்பெண் போயிற்று. இக்குக் கூடுதலாக, அளவைப் பார்க்காமல் திருத்தியதற்கும் போயிற்று. எடைபோட்ட முடிவுகளுக்குக் கை வைக்கவில்லை. ஆவுக்கு அந்த மேசையில் முழு மதிப்பெண். இயிடம் பிறகு கேட்டபோது, பயிற்சிக் காலம் முழுவதும் காலையில் வந்ததும் CAL அழுத்துவதுதான் தராசைச் சரிபார்ப்பது என்று பழகியதாகச் சொன்னார். அது நேர்மையான பதில். பயிற்சித் தரப்பு கேட்டுக்கொள்ள வேண்டிய பதிலும்கூட.

## மாற்றியவை

பதிவுத்தாளை மாற்றினோம். டிக் கட்டங்கள் மூன்றையும் எடுத்துவிட்டு எண்களுக்கு இடம் கொடுத்தோம். பிஎச் பக்கத்தில் திரை காட்டிய வெப்பநிலை, ஸ்லோப், 7.00 பஃபரில் வந்த மில்லிவோல்ட், சரிபார்ப்புப் பஃபரின் தொகுதி எண், அதில் வந்த அளவு. சரிபார்ப்புப் பஃபரின் தொகுதி எண் அளவுத்திருத்தப் பஃபரின் தொகுதி எண்ணாகவே இருந்தால் அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை.

தராசுப் பக்கத்தில் முதல் வரி குமிழி எங்கே இருந்தது என்பது. இரண்டாவது, எதையும் தொடுவதற்கு முன் எடைக்கல் காட்டிய அளவு. மூன்றாவது, மட்டப்படுத்தியோ திருத்தியோ இருந்தால் என்ன செய்தார், அதன் பிறகு காட்டிய அளவு என்ன. எதுவும் செய்யவில்லை என்றால் “செய்யவில்லை” என்று எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது. தவறாக எழுதிய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணையும் சுருக்கொப்பத்தையும் இட வேண்டும் என்ற பழைய விதி அப்படியே தொடர்கிறது.

பஃபர் இனி ஆளுக்கு ஒரு ஜோடி. கோப்பைக்கு 30 மில்லி. பயன்படுத்தியதும் கொட்டிவிட வேண்டும், பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றக் கூடாது. இதில் செலவு கூடுகிறதே என்ற முனகல் இருந்தது. ஓர் அணிக்கு மறுதேர்வு நடத்திய செலவோடு ஒப்பிட்டுக் காட்டியதும் அடங்கியது.

CAL பொத்தானைப் பூட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. பல தராசுகளில் அந்த வசதி உண்டு. தேர்வில் வேண்டாம் என்று விட்டோம். திருத்தம் செய்யும் அதிகாரம் கையில் இருக்கும்போது முதலில் அளவைப் பார்க்கிறாரா என்பதைத்தான் தேர்வு பார்க்க வேண்டும். அன்றாட ஆய்வகத்துக்கு மட்டும் பூட்டச் சொல்லியிருக்கிறோம்.

தேர்வாளர்களுக்கும் ஒரு மாற்றம். மதிப்பெண் போடுவதற்கு முன் ஒவ்வொரு மேசையின் முடிவுகளையும் தேர்வர்கள் உட்கார்ந்த வரிசையில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரே பக்கமாக இறங்கினாலோ ஏறினாலோ, யாரும் வரம்பைத் தாண்டாவிட்டாலும், அடுத்த அணியை அழைக்காமல் மேசையைச் சோதிக்க வேண்டும்.

அடுத்த அணிக்குப் புதிய தாளைக் கொடுத்தபோது நாற்பது நிமிடம் போதவில்லை. கூடுதல் பஃபர், கூடுதல் எழுத்து இரண்டும் நேரம் கேட்டன. அமர்வை ஐம்பது நிமிடமாக்கியிருக்கிறோம்.